டெண்டருக்கு முன்பே நடக்கும் போட்டி

6205 என்ற எண்ணுள்ள பேரிங்கை எந்த நாட்டில், யாரிடம் வாங்கினாலும் அதன் உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. சர்வதேசத் தர அளவு அது. ஒரு கம்பெனியின் பேரிங்கைக் கழற்றிவிட்டு இன்னொரு கம்பெனியின் பேரிங்கை அதே இடத்தில் பொருத்திவிடலாம். அப்படியிருக்க, இதில் ஒரு பெயருக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்? கொடுப்பவர்களும் விளம்பரம் பார்த்து மயங்குகிறவர்கள் அல்ல. கணக்குப் போடத் தெரிந்த இன்ஜினியர்கள், மூன்று கொட்டேஷன் இல்லாமல் கையெழுத்துப் போடாத கொள்முதல் குழுவினர்.

இதற்கு விடை தேட ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். நிறுவனத்தைப் பார்க்கலாம். கோத்தன்பர்க் நகரில் ஒரு துணி ஆலையில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இன்ஜினியர் வேலை பார்த்தார். களிமண் நிலத்தில் நின்ற கட்டடம் அசைந்துகொண்டே இருந்ததால் ஷாஃப்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகின, பேரிங்குகள் அடிக்கடி போயின. ஷாஃப்ட் சற்றே சாய்ந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் பேரிங்கை அவர் வடிவமைத்தார். 1907-இல் கம்பெனி பிறந்தது. இதுவரை இது ஒரு நல்ல கண்டுபிடிப்பின் கதைதான். பிராண்ட் என்ற கோணத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது அடுத்து வந்த காலம்.

ஒரு பேரிங் எத்தனை நாள் உழைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்று அந்நிறுவனத்தின் ஆர்வித் பாம்கிரென் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1947-இல் அவரும் பேராசிரியர் குஸ்தாஃப் லுண்ட்பெரியும் வெளியிட்ட ஆய்வு, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஐ.எஸ்.ஓ. 281 ஆயுள் கணக்கீட்டுக்கு அடித்தளமானது. அந்தக் கணக்கைப் பூட்டி வைக்கவில்லை. போட்டிக் கம்பெனிகளும் பயன்படுத்தும்படி வெளிப்படையாக வைத்தார்கள். தங்கள் கேட்லாக்கிலும் இந்த வழிமுறையை விளக்கினார்கள்.

கணக்கு இதுதான்: பேரிங்கின் தாங்குதிறனை அதன்மேல் விழும் சுமையால் வகுத்து, விடையை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால் ஆயுள், பத்து லட்சம் சுற்றுகளில் கிடைக்கும். 6205-இன் தாங்குதிறன் சுமார் 14 கிலோநியூட்டன். சுமை 1.4 என்றால் விகிதம் 10, ஆயுள் 1,000 பத்து லட்சம், அதாவது நூறு கோடி சுற்றுகள். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் அது ஏறத்தாழ 11,500 மணி நேரம். இரவும் பகலும் ஓடினால் ஒன்றே கால் ஆண்டுக்குச் சற்று மேல். சுமையைப் பாதியாக்கினால் ஆயுள் எட்டு மடங்காகும். நூறு பேரிங்கில் தொண்ணூறு இந்த ஆயுளைத் தாண்டும் என்பதே இதன் பொருள். பத்து முன்னதாகவே போகலாம் என்பதையும் அது மறைக்காமல் சொல்கிறது.

இந்தக் கணக்கை ஒரு கம்பெனியின் கேட்லாக்கில் படித்துப் பழகிய மாணவர், பிறகு டிசைன் இன்ஜினியராகி வரைபடம் போடும்போது அதே அட்டவணையைத்தான் திறப்பார். அங்கேயே எண்ணும் பெயரும் வரைபடத்துக்குள் போய்விடுகின்றன. மாதங்கள் கழித்து டெண்டர் வரும்போது மற்றவர்கள் ‘அல்லது இணையானது’ என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, தாங்களும் சமம்தான் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் நிற்பார்கள். நிரூபிக்கும் சுமை யார் தோளில் என்பதுதான் தொழிற்சாலைச் சந்தையில் பிராண்டின் உண்மையான பலம்.

குழுவின் மனநிலையும் புரிய வேண்டும். டிசைன், பராமரிப்பு, தரக்கட்டுப்பாடு, கொள்முதல், கணக்கு என ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. பராமரிப்பு இன்ஜினியருக்கு, பேரிங்கில் சில ஆயிரம் மிச்சப்படுத்தினால் பாராட்டு வராது. இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றால் காலையில் விளக்கம் கேட்பார்கள். ஆகவே தன் முடிவைப் பாதுகாக்கும் ஒரு காகிதம் ஃபைலில் இருக்க வேண்டும் என்பதே அவர் தேவை. கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்டில் குறைந்த விலைக்காரரைத் தாண்டிப் போகிற கொள்முதல் அதிகாரிக்கு, நாளை ஆடிட்டர் கேட்டால் காட்டுவதற்கு இன்னும் வலுவான காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதத்தையும் எஸ்.கே.எஃப். ஒரு திட்டமாகவே ஆக்கியது. எவ்வளவு மிச்சமாகும் என்பதை விற்பனை இன்ஜினியர் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து கணக்கிடுவார். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட பிறகே அது பதிவாகும். ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். 40 மோட்டார்கள், மோட்டாருக்கு இரண்டாக 80 பேரிங்குகள். ஒன்றுக்கு 150 ரூபாய் அதிகம் என்றால் கூடுதல் செலவு 12,000 ரூபாய். லைன் ஒரு மணி நேரம் நின்றால் 20,000 ரூபாய் நஷ்டம் என்று ஆலையே சொன்னால், முப்பத்தாறு நிமிட நிறுத்தம் ஒன்றைத் தவிர்த்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். அந்த 20,000 என்ற எண்ணை விற்பவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆலையின் கணக்குப் பிரிவு எழுதிக் கொடுத்தால், குழுவில் யாரும் அதை எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

முப்பது பேர் வேலை செய்யும் ஒரு கப்ளிங் கம்பெனியால் ஆயிரம் பக்கக் கேட்லாக் போட முடியாது. தேவையும் இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம் போதும்: டாலரன்ஸோடு அளவு, எந்த உலோகம், எவ்வளவு கடினம், எந்த நிலையில் சோதித்தபோது எவ்வளவு சுமை தாங்கியது, எங்கே இதைப் பொருத்தக் கூடாது. கடைசி வரியைப் பலரும் எழுதத் தயங்குகிறார்கள். ஆனால் ‘80 டிகிரிக்கு மேல் இந்த ரப்பர் தாங்காது’ என்று நேராகச் சொல்பவரின் மற்ற எண்களை இன்ஜினியர் நம்பத் தொடங்குவார். இன்ஜினியர் தன் வரைபடத்தில் நேரடியாகச் செருகும்படி கணினி மாடலையும் கொடுத்துவிட்டால், பாக எண் உதிரிபாகப் பட்டியலில் தானாகவே ஏறிவிடும். அந்த எண்ணை வருடாவருடம் மாற்றக் கூடாது. மாற்றினால், பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஸ்டோர் ஆள் தேடும்போது பொருள் கிடைக்காது.

‘உலகத் தரம்’, ‘நம்பகமான கூட்டாளி’ என்று பளபளப்பான தாளில் அச்சிடும் பணம்தான் பெரும்பாலும் வீணாகிறது. போட்டியாளர் பெயரைப் போட்டாலும் அந்த வாசகம் அப்படியே பொருந்தும் என்றால் அதில் தகவல் இல்லை. பிராண்ட் வேலை செய்கிறதா என்பதை வரும் விசாரணைக் கடிதங்களை வைத்தே அறியலாம். வரைபடம் முடிவான பிறகு, ஐந்து பேரோடு சேர்த்து விலை மட்டும் கேட்டுக் கடிதம் வந்தால் இன்னும் வெளியே நிற்கிறோம். வரைபடம் முடிவதற்கு முன்பே ‘இந்தச் சுமைக்கு எதைப் போடலாம்?’ என்று போன் வந்தால் உள்ளே நுழைந்துவிட்டோம்.

கேட்லாக் எண் சுத்தமான எண்ணெய்க்கும் சரியான பொருத்தலுக்கும் உரியது. நடைமுறையில் பல பேரிங்குகள் தூசியாலும், தப்பான கிரீஸாலும், சுத்தியலால் அடித்துப் பொருத்தியதாலும் முன்னதாகவே போகின்றன. அப்போது பெயர்தான் பழி சுமக்கும். உடைந்த பாகத்தை வரவழைத்து, வெட்டிப் பார்த்து, புகைப்படத்தோடு காரணம் எழுதித் தருகிற கம்பெனியின் பெயர் அந்தப் பழியிலிருந்து மீளும். தவறு தன்னுடையது என்றால் அதையும் அந்த அறிக்கையில் எழுத வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை. கதவுக் கீலுக்கான போல்ட், சாதாரண வாஷர் போன்றவை பழுதானால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அங்கே விலையும் சொன்ன தேதியில் வந்து சேரும் லாரியும் போதும்.