நெஞ்சில் கோத்த நீர் எங்கிருந்து வந்தது?

மூச்சு வாங்குகிறது என்று வருபவரின் எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தால், "நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது" என்று டாக்டர் சொல்வார். அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். நோயாளியை மேசைமேல் கைகளை ஊன்றிச் சற்று முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டியும் இரத்தக் குழாய்கள் ஓடுவதால் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சிரிஞ்சில் பெரும்பாலும் வைக்கோல் நிறத்தில் நீர் ஏறும். அந்த நிறத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. இதயம் பலவீனமானவருக்கும் அதே நிறம்தான், காசநோய்க்காரருக்கும் அதே நிறம்தான்.

இந்த நீர் இரண்டு வழிகளில் சேரலாம். இதயம் சரியாக இரத்தத்தை இறைக்காதபோது குழாய்களில் அழுத்தம் கூடி, நல்ல நிலையில் உள்ள சுவர் வழியாகவே நீர் வெளியே தள்ளப்படும். கல்லீரல் கெட்டாலும், சிறுநீரில் புரதம் வீணானாலும் இதே மாதிரி நீர் சேரும். இதை டிரான்சுடேட் என்கிறார்கள். காசநோய், நிமோனியா, புற்றுநோய் போன்றவற்றில் நுரையீரலின் உறையே நோயுற்று அதன் சுவர் ஓட்டையாகிவிடுகிறது. அப்போது வருவது எக்சுடேட். முதல் வகைக்கு இதயத்தையோ கல்லீரலையோ கவனித்தால் போதும். இரண்டாவது வகை என்றால் உறையில் என்ன நோய் என்று தேடியே ஆக வேண்டும்.

புரதம் பெரிய மூலக்கூறு. சுவர் நன்றாக இருந்தால் எளிதில் தாண்டாது, ஓட்டையானால் தாண்டும். எல்.டி.எச். என்ற நொதி உடலின் செல்களுக்குள் இருப்பது. அழற்சியில் செல்கள் உடையும்போது அது நீரில் கலக்கும். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட்டும் அவருடைய குழுவினரும் 1972இல் இந்த இரண்டையும் இரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டு ஒரு விதி வகுத்தார்கள். நீரிலுள்ள புரதம் இரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது நீரிலுள்ள எல்.டி.எச். இரத்த எல்.டி.எச்.இல் 0.6 பங்குக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது அந்த லேப் இரத்தத்துக்கு இயல்பு எனக் கொடுக்கும் மேல் வரம்பில் மூன்றில் இரண்டு பங்கை நீரின் எல்.டி.எச். தாண்ட வேண்டும். மூன்றில் ஒன்று பொருந்தினாலே அது எக்சுடேட்.

அந்த "அல்லது"தான் இந்த விதியின் பலம். எக்சுடேட்டைத் தவறவிடுவது மிக அரிது. அதற்குக் கொடுக்கும் விலை, டிரான்சுடேட்டுகளில் ஏறக்குறைய கால் பங்கு எக்சுடேட் என்று தவறாக முத்திரை வாங்குவது. அப்படி மாட்டிக்கொள்பவர்களில் பலர் நீர் பிரிய மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள். மாத்திரையால் நெஞ்சுக்கூட்டிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடும், புரதம் தங்கிவிடும். வற்ற வற்றக் குழம்பு கெட்டியாவது மாதிரிதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இதயம் பலவீனமான பெரியவர் ஒருவர், சில நாட்களாக நீர் பிரிய மருந்து எடுத்துக்கொள்கிறார், கால் வீக்கம் வடிந்துவருகிறது, காய்ச்சல் இல்லை. இரத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 7 கிராம், நீரில் 3.7 கிராம். வகுத்தால் 0.53, கோட்டைத் தாண்டிவிட்டது. எல்.டி.எச். இரத்தத்தில் 220, நீரில் 120, விகிதம் 0.55, தாண்டவில்லை. லேபின் மேல் வரம்பு 240 என்றால் மூன்றில் இரண்டு பங்கு 160. 120 அதற்கும் கீழே. ஒரே ஒரு அளவுகோல், அதுவும் மயிரிழையில். விதிப்படி எக்சுடேட், ஆனால் எனக்கு இதை அப்படியே ஏற்க மனம் வராது.

இந்த இடத்தில் வகுப்பதற்குப் பதில் கழிக்க வேண்டும். 7இலிருந்து 3.7 போனால் 3.3. இரத்தப் புரதம் 3.1 கிராமுக்கு மேல் அதிகமாக இருந்தால் அது உண்மையில் டிரான்சுடேட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அல்புமினை மட்டும் கழித்துப் பார்த்தாலும் 1.2 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதே பொருள். பெரியவருக்கு இரத்தத்தில் 3.8, நீரில் 2.2, வித்தியாசம் 1.6. இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. உறையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கும் அவசரம் இவருக்கு இல்லை.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே கழித்தல் கணக்கைப் போடக்கூடாது. அதை மட்டும் நம்பினால் உண்மையான எக்சுடேட்டுகள் சில தப்பிவிடும், அவற்றில் புற்றுநோயும் இருக்கலாம். நோயாளியைப் பார்த்தால் இதயக் கோளாறு என்று தெளிவாகத் தெரிந்து, விகிதம் கொஞ்சமே தாண்டியிருக்கும்போதுதான் அது பயன்படும். காய்ச்சல், எடை குறைவு, ஒரு பக்கம் மட்டும் நிறைய நீர் என்றால் முதல் விதியோடு நின்று நோயைத் தேடுவதே சரி.

இரத்தத்தையும் நீரையும் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். போன வாரத்து இரத்தப் புரதத்தோடு இன்றைய நீரை ஒப்பிட்டால் விகிதத்துக்கு மதிப்பில்லை. ஊசி குத்தும்போது இரத்தம் கலந்துவிட்டால் சிவப்பணுக்களில் உள்ள எல்.டி.எச். நீரில் சேர்ந்து அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். சிவந்த மாதிரியில் எல்.டி.எச். மட்டும் உயர்ந்து புரதம் குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.