தண்ணீர் வைத்துப் பாருங்கள்

அக்கா வீட்டில் வடை சுடும்போதெல்லாம் இண்டக்‌ஷன் அடுப்பு பாதியில் நின்றுவிடும். பத்து, பன்னிரண்டு நிமிடம் ஒழுங்காகச் சூடாகும். பிறகு ‘பீப் பீப்’ என்று சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி வேலை செய்யும். “அடுப்பு போச்சு, புதுசு வாங்கிடலாம்” என்றார் மாமா.

ஆறியதும் வேலை செய்கிறது என்றால், அடுப்பு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். அதற்குள் சூட்டை அளக்கும் சென்சார்கள் பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று கண்ணாடிக்கு நடுவில், அடிப்பக்கம் ஒட்டியிருந்து பாத்திரத்தின் சூட்டைப் பார்க்கும். இன்னொன்று, காயிலுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் ஐஜிபிடி என்ற பாகத்தின் சூட்டைப் பார்க்கும். எது எல்லை மீறினாலும் அடுப்பு நின்றுவிடும்.

எது என்று கண்டுபிடிக்க, எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு இரண்டு லிட்டர் தண்ணீர் வைக்கச் சொன்னேன். தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. பாத்திரத்தைப் பார்க்கும் சென்சார் அதற்குப் பதறாது. அப்படியும் பன்னிரண்டாவது நிமிடத்தில் அடுப்பு நின்றது. ஆக, சூடு உள்ளே தேங்குகிறது.

பிளக்கைப் பிடுங்கி அடுப்பைத் தூக்கினோம். அடியில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஃபேன் காற்றை இழுப்பது கீழ்ப்பக்கத்து ஓட்டைகள் வழியாகத்தான். மெல்லிய விரிப்பு மேலெழும்பி அந்த ஓட்டைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாளிப்பு எண்ணெயும் தூசியும் கலந்த பிசுக்கு வேறு. விரிப்பை எடுத்தோம், பழைய பல்துலக்கியால் பிசுக்கைத் துடைத்தோம், சூடான காற்று வெளியேற இடம் விட்டு அடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினோம். அரை மணி நேரம் தண்ணீர் கொதித்தது, நிற்கவில்லை.

தண்ணீருக்கு நிற்காமல் தோசைக்கல்லுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் நின்றால் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்கேலை வைத்தால் வளைவு தெரிந்துவிடும். காயில் பெரும்பாலும் 18, 20 சென்டிமீட்டர் அகலம்தான். அதைவிட மிகப் பெரிய கல்லை வைத்தால் ஓரம் காயாது. ஓரத்துக்காகச் சூட்டைக் கூட்டுவோம், நடு கொதித்துப்போய் அடுப்பு நிற்கும். மிகச் சிறிய பாத்திரம் என்றால் கதை வேறு: அடுப்பு அதை அடையாளம் காணாமல் ஆரம்பத்திலேயே கத்தும்.

ஆறிய அடுப்பில் பச்சைத் தண்ணீர் வைத்து, ஒரே நிமிடத்தில் சூடு அதிகம் என்று நின்றால் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகிக்கலாம். விலை குறைந்த பாகம்தான், மெக்கானிக் மாற்றிவிடுவார். நீங்களே திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சமையல் முடிந்ததும் சுவிட்சை உடனே அணைத்துவிடாதீர்கள். அடுப்பை நிறுத்திய பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடும். அது நின்ற பிறகு அணையுங்கள்.