இரண்டு மரங்கள், சேர்ந்தே ஒரு நடை

இரண்டு சங்கங்களின் உறுப்பினர் எண்கள் கணினியில் இரண்டு தேடல் மரங்களாக இருக்கின்றன. இரண்டிலும் பெயர் கொடுத்தவர்கள் யார்?

தேடல் மரத்தில் ஓர் எண்ணைவிடச் சிறியவை எல்லாம் அதன் இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். அதனால் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்ற முறையில் நடந்தால் எண்கள் ஏறுவரிசையில் கிடைக்கும். முதல் மரம் 10, 20, 30, 40, 50, 60, 70 என்றும், இரண்டாவது 15, 30, 35, 50, 70, 90 என்றும் தருவதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் ஒன்றாக நடத்த வேண்டும். 10, 15 இரண்டில் 10 சிறியது. எதிர்மரத்தில் இனி வருவதெல்லாம் 15க்கு மேல்தான். ஆக 10க்கு ஜோடி கிடையாது, முதல் மரத்தை நகர்த்தலாம். இப்போது 20, 15: இரண்டாவது நகர்ந்து 30க்கு வரும். 20ஐத் தாண்டினால் இரு பக்கமும் 30. குறித்துக்கொண்டு இரண்டையுமே நகர்த்த வேண்டும். இப்படியே 50, 70 சிக்கும். முதல் மரம் அத்துடன் தீர்ந்துவிடுவதால் 90ஐ எதனுடனும் ஒப்பிட வேண்டியதில்லை.

சிக்கல் வேறோர் இடத்தில். மரத்தில் நடப்பதற்கு வழக்கமாக எழுதும் ரிகர்ஷன், தொடங்கினால் முடியும்வரை ஓடும். நமக்கோ ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு நின்று, கேட்டால் அடுத்ததைத் தரும் இட்டரேட்டர் வேண்டும். அதற்கு மரத்துக்கு ஒரு ஸ்டாக் போதும். வேரிலிருந்து இடப்பக்கமாகவே இறங்கி, வழியில் பட்டதையெல்லாம் அதில் போட வேண்டும். முதல் மரத்தின் வேர் 40, அதன் இடப்பிள்ளை 20, அதற்கும் இடப்பிள்ளை 10 என்றால் ஸ்டாக்கில் 40, 20, 10. மேலே இருப்பது 10. அதை எடுத்துக் கொடுத்தாயிற்று. அடுத்து 20ஐ எடுக்கும்போது அதன் வலப்பிள்ளை 30 உள்ளே போகும். அதற்கு இடப்பிள்ளை இருந்தால் அதுவும் பின்னாலேயே போகும்.

ஸ்டாக்கில் ஒரே நேரத்தில் இருப்பது அதிகபட்சம் மரத்தின் உயரம் அளவுதான். பத்து லட்சம் எண்கள் உள்ள சமநிலை மரத்துக்கு அது சுமார் 20. ஆனால் எண்களை இறங்குவரிசையில் நுழைத்து, மரம் இடப்பக்கமே சங்கிலியாகத் தொங்கினால் பத்து லட்சமும் ஸ்டாக்கில் ஏறிவிடும்.

ஆளை ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. ஒரு மரம் எண்களை எண்ணாகவும், மற்றது எழுத்துச்சரமாகவும் வரிசைப்படுத்தியிருந்தால், எழுத்துக் கணக்கில் 100 என்பது 20க்கு முன்னால் வந்துவிடும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் சில பொது எண்களைத் தவறவிடும். இரு மரங்களிலும் வரும் எண்கள் உண்மையிலேயே ஏறுகின்றனவா என்று ஒவ்வொரு நகர்விலும் சோதித்தால் குட்டு வெளிப்படும்.

எல்லா நேரமும் இந்த நடை லாபமல்ல. ஒரு மரத்தில் பத்தே எண்கள், மற்றதில் பத்து லட்சம் என்றால், அந்தப் பத்தையும் பெரிய மரத்தில் தனித்தனியே தேடினாலே சுமார் 200 ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும்.