மூன்றில் எது குறைவு? எச்.ஆர்.ஏ. வரிவிலக்குக் கணக்கு

ஜனவரி பிறந்தால் அலுவலகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து வாடகை ரசீது கேட்பார்கள். பலரும் பன்னிரண்டு மாத ரசீதைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கட்டிய வாடகை முழுவதற்கும் வரி கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சம்பளச் சீட்டில் வீட்டு வாடகைப் படி என்று போட்டிருக்கும் தொகை முழுவதற்கும் விலக்கு உண்டு என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல. வருமான வரி விதிகள் மூன்று தொகைகளைக் கணக்கிடச் சொல்கின்றன. அவற்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு.

முதல் தொகை, நிறுவனம் உங்களுக்குத் தந்த வாடகைப் படி. இரண்டாவது, நீங்கள் கட்டிய வாடகையில் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்த மிச்சம். மூன்றாவது, 2025-26 நிதியாண்டின் விதிப்படி சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் குடியிருந்தால் சம்பளத்தில் பாதி. அதே விதிப்படி மற்ற ஊர்களில் 40 சதவீதம். வேலை செய்யும் ஊரை வைத்து இதை முடிவு செய்வதில்லை, குடியிருக்கும் வீடு எங்கே என்பதுதான் கணக்கு. செங்கல்பட்டில் குடியிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வருகிறவருக்கு 40 சதவீதம்தான்.

இங்கே சம்பளம் என்றால் மாதக் கடைசியில் வங்கியில் வந்து விழும் தொகை அல்ல. அடிப்படைச் சம்பளமும், ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் வரும் அகவிலைப்படியும் மட்டும்தான். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் பெறுகிறவர்களுக்கு அதுவும் சேரும். சிறப்புப் படி, போனஸ், பயணப் படி எதுவும் சேராது. தனியார் நிறுவனங்களில் மொத்தச் சம்பளம் பெரிதாகவும் அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் இருப்பதால், இந்த ஒரு இடத்தில் தவறினால் மூன்று தொகைகளில் இரண்டு தவறாகிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்யும் பெண் ஒருவருக்கு மாதம் 2 லட்சம் ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளம் 80,000, வாடகைப் படி 32,000, மிச்சமெல்லாம் சிறப்புப் படி. நங்கநல்லூரில் 28,000 ரூபாய் வாடகையில் இருக்கிறார். அவர் வாங்கும் படி 32,000. வாடகை 28,000-இல் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கான 8,000 போனால் 20,000. சம்பளத்தில் பாதி 40,000. குறைந்தது 20,000, மாதம் அவ்வளவுக்குத்தான் விலக்கு. படியில் மீதமுள்ள 12,000 வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

பலருக்கும் இந்த இரண்டாவது தொகைதான் கையைக் கட்டிப்போடுகிறது. சென்னைக்கு 50, மற்ற ஊருக்கு 40 என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதத்தையே படியாகத் தரும் நிறுவனத்தில், அந்த 50 சதவீத வரம்பு ஒருநாளும் குறுக்கே வராது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை வாடகைக்கு நீங்களே செலவழிக்க வேண்டும் என்று விதி எதிர்பார்க்கிறது. அதைத் தாண்டிய வாடகைக்குத்தான் சலுகை. அடிப்படைச் சம்பளம் 80,000 இருப்பவர் 8,000 ரூபாய் வாடகை வீட்டில் இருந்தால், விலக்கு பூஜ்யம்.

இப்போது நடுவில் வீடு மாறுவோம், பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் அதுதான். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து தங்கப்போகிறார்கள் என்பதால், அக்டோபரில் அந்தப் பெண் அடையாறில் 45,000 ரூபாய் வீட்டுக்குப் போகிறார். இனி இரண்டாவது தொகை 37,000. படி அதே 32,000. எனவே குறைந்த தொகை 32,000. அக்டோபரிலிருந்து படி முழுவதற்கும் விலக்கு கிடைக்கும். முதல் ஆறு மாதத்துக்கு 1,20,000, அடுத்த ஆறு மாதத்துக்கு 1,92,000, ஆக வருடத்துக்கு 3,12,000.

இதையே வருடம் முழுவதற்கும் ஒரே மூச்சில் போட்டால் என்ன ஆகும்? வாடகை மொத்தம் 4,38,000. அதில் வருடச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கான 96,000 போக 3,42,000. வாங்கிய படி 3,84,000, சம்பளத்தில் பாதி 4,80,000. குறைந்தது 3,42,000 என்று வரும். சரியான தொகையைவிட 30,000 அதிகம். விதி இதை அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குடியிருந்த காலத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சொல். வாடகையோ சம்பளமோ படியோ மாறிய மாதத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு முன் தனியாக, பின் தனியாகக் கணக்கிடுங்கள்.

வாடகை என்பதில் எதெல்லாம் சேரும்? மாத வாடகை மட்டும்தான். ஹவுஸ் ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸ், கரண்ட் பில், அடுக்குமாடி சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகை எதுவும் வாடகை ஆகாது. சென்னையில் லீஸ் வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, வாடகையே இல்லாமல் குடியிருக்கிறவருக்கு விலக்கு கிடையாது. உண்மையில் வாடகை செலுத்தியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் இதே நிலைதான். அப்பா அல்லது அம்மா பெயரில் இருக்கும் வீட்டில் குடியிருந்து அவர்களுக்கு வாடகை கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் பணம் நிஜமாகவே அவர்கள் கணக்குக்குப் போக வேண்டும். அவர்களும் அதைத் தங்கள் வருமானத்தில் காட்ட வேண்டும்.

வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அலுவலகத்தில் கொடுக்கும் படிவத்தில் வீட்டுக்காரரின் பான் எண்ணை எழுத வேண்டும். வீடு பார்க்கும்போதே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பான் இல்லாதவர் என்றால், இல்லை என்று பெயர், முகவரியுடன் அவர் ஒரு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். வாடகை மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் போனால், அதில் 2 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பும் குடியிருப்பவர் தலையில் வருகிறது.

இவ்வளவு கணக்கும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறையில் வாடகைப் படிக்கு விலக்கே இல்லை. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் உங்களுக்குப் பொருந்தும். 2025-26 நிதியாண்டில் 12,75,000 ரூபாய் வரை சம்பள வருமானம் மட்டும் உள்ளவருக்கு அந்த முறையில் வரியே கிடையாது, அவர் எச்.ஆர்.ஏ. கணக்கு போட வேண்டியதே இல்லை.

மேலே பார்த்த பெண்ணின் வருடச் சம்பளம் 24 லட்சம். அவருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமானால் கழிவுகள் எல்லாம் சேர்த்து 8,37,500 ரூபாயைத் தாண்ட வேண்டும். வாடகை விலக்கு 3,12,000, நிலையான கழிவு 50,000, வருங்கால வைப்புநிதி முதலியவற்றுக்கு 1,50,000, தனக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு அதிகபட்சமாக 75,000. மொத்தம் 5,87,000 தான். எனவே இந்த வருடம் அவருக்குப் புதிய முறையே லாபம். வேறொரு ஊரில் கடனில் வாங்கிய வீட்டுக்கு வட்டி கட்டுகிறவர், வாடகை இதைவிட அதிகமாகக் கொடுக்கிறவர் என்றால் தராசு மறுபக்கம் சாயலாம். மூன்றில் குறைந்ததைக் கண்டுபிடித்த பிறகு இந்த ஒப்பீட்டையும் செய்துவிடுங்கள். அலுவலகத்தில் ரசீது கொடுக்கத் தவறியிருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யும்போது விலக்கைக் கேட்கலாம். ஆனால் உரிய கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால் மட்டுமே பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும்.