மைலேஜ் குறைந்தால் பங்க்கைக் குறை சொல்லலாமா?

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வருகிறவர்கள் டீக்கடையில் பேசுவது பெரும்பாலும் இதுதான்: “வண்டி முன்ன மாதிரி கொடுக்கல. அந்தப் பங்க்குல அளவு சரியில்ல.” சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால், முந்நூறு ரூபாய்க்குப் போட்டு அது எத்தனை நாள் வந்தது என்று பார்ப்பது கணக்கே இல்லை. ஏற்கெனவே டேங்கில் எவ்வளவு கிடந்தது என்று தெரியாதே!

ஃபுல் டேங்க் முறைதான் நம்பத்தக்கது. ஒருநாள் டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று போட்ட பெட்ரோல் கணக்கில் வராது. அடுத்த முறை மறுபடியும் அதே அளவுக்கு நிரப்பும்போது ஏறுகிற லிட்டர்தான், இடையில் வண்டி குடித்தது.

ஒரு பைக்கின் ஒரு மாதக் கணக்கைப் பார்ப்போம். முதல் ஃபுல் டேங்க் போட்டபோது மீட்டர் 24,310. பிறகு 24,694-இல் 8 லிட்டர், 25,036-இல் 7.6 லிட்டர், 25,432-இல் 8.25 லிட்டர். தனித்தனியாகப் பார்த்தால் மைலேஜ் 48, 45, 48. நடுவில் வந்த 45-ஐப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. விளிம்பு வரை நிரப்புவதில் கால் லிட்டர் முன்னே பின்னே ஆனாலே மூன்று சதவீதம் மாறிவிடும். ஆனால் ஒருமுறை குறைவாக நிரம்பியது அடுத்த முறை தானாகச் சேர்ந்துவிடும். பிழை முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் மட்டுமே தங்கும். அதனால் மாத மொத்தத்தை எடுங்கள்: 1,122 கிலோமீட்டர், 23.85 லிட்டர், லிட்டருக்கு 47. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 2,409 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 15 காசு.

செல்போனில் எக்ஸெல் ஷீட் வைத்திருப்பவர்கள் B-யில் மீட்டர், C-யில் லிட்டர், D-யில் ரூபாய் எழுதி, முதல் ஃபுல் டேங்கை இரண்டாவது வரிசையில் தொடங்கினால் போதும். மேலே மைலேஜ், கீழே கிலோமீட்டர் செலவு:

```
=(B5-B2)/SUM(C3:C5)
=SUM(D3:D5)/(B5-B2)
```

விலை ஏறினால் செலவு ஏறும், மைலேஜ் மாறாது. இரண்டும் ஒன்றாகக் கெட்டால் கோளாறு வேறிடத்தில். டயர் காற்று, தளர்ந்த செயின், பிடித்துக்கொள்ளும் பிரேக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரு காரணம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 47 கொடுத்த வண்டி 45 கொடுத்தால் பங்க்காரர்மேல் பாய இது போதாது.

நோட்டில் பங்க் பெயருக்கும் ஒரு கட்டம் விடுங்கள். ஒரு மாதம் ஒரு பங்க், மறுமாதம் வேறொன்று என்று மாற்றிப் போட்டும், ஒரே பங்க்கில் மட்டும் திரும்பத் திரும்ப எண் விழுந்தால் அது விசாரிக்க வேண்டிய விஷயம். அப்போதும் நோட்டு சந்தேகத்தைத்தான் எழுப்பும். அளவில் இரண்டு சதவீதம் அடித்தால் அது போக்குவரத்து நெரிசலிலேயே மறைந்துபோகும். ‘டேங்க் கொள்ளளவைவிட அதிக லிட்டருக்கு பில் போட்டார்கள்’ என்பதும் தனியாக நிற்காது. கம்பெனி சொல்லும் கொள்ளளவைவிட விளிம்பு வரை கூடுதலாகவே பிடிக்கும்.

நிரூபிப்பது ஐந்து லிட்டர் அளவைதான். எடையளவு முத்திரையிட்ட அந்தக் கூம்புப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். கேட்டால் இலவசமாகப் பிடித்துக் காட்ட வேண்டும். பிடித்த பெட்ரோல் திரும்ப அவர்கள் தொட்டிக்கே போகும், உங்களுக்குக் காசு இல்லை. காய்ந்த பாத்திரம் கொஞ்சம் குடித்துக்கொள்ளும் என்பதால் முதலில் நனைத்து வடித்துவிட்டு, நீங்கள் போட்ட அதே நாசிலில் மீட்டர் பூஜ்யத்திலிருந்து 5 லிட்டர் பிடிக்கச் சொல்லுங்கள். கழுத்தில் உள்ள கோட்டில் 25 மில்லி வரை வித்தியாசம் சட்டம் அனுமதிப்பது. அதைத் தாண்டிக் குறைந்தால் அந்த நாசிலில் விற்கக் கூடாது. கலப்படச் சந்தேகம் என்றால் ஃபில்டர் பேப்பரும் கேட்கலாம்.

காட்ட மறுத்தாலோ குறைந்தாலோ பில், நாசில் எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை. அங்கே மாதக் கணக்கு நோட்டின் நகலையும் பில்களோடு இணையுங்கள். பில் இல்லாமல் வெறும் நோட்டைக் கொண்டுபோனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது, அங்கே பெட்ரோல் போட்டதற்கு என்ன அத்தாட்சி என்றுதான்.