மஞ்சள் திரள் இல்லாத மாதம்

ஒவ்வொரு மாதமும் சினைமுட்டை வெளியேறியதும், அதைத் தாங்கியிருந்த பை மஞ்சள் நிறத் திரளாக மாறி புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. கரு ஒட்டிக்கொள்ளும் பக்குவத்துக்குக் கருப்பையின் உட்சுவரைக் கொண்டுவருவது இந்த ஹார்மோன்தான். ஆனால் மாத்திரைகளால் கருப்பையைத் தயார்செய்து, உறையவைத்த கருவை உள்ளே வைக்கும் முறையில் முட்டை வெளியேறுவதில்லை. மஞ்சள் திரளும் உருவாவதில்லை. தேவையான புரோஜெஸ்டிரான் முழுவதும் மருந்தாகவே வர வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு பெண். மாதவிலக்கு வந்த 2ஆம் நாளே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்குகிறார். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் உட்சுவர் 8 மி.மீ. தடித்திருக்கிறது. அன்றிலிருந்து புரோஜெஸ்டிரான். 5 நாள் வளர்ந்த கருவை மருந்தின் 6ஆம் நாள் வைப்பார்கள். கருவின் வயதும் உட்சுவரின் வயதும் அப்போதுதான் பொருந்தும். தொடங்கும் நாளில் குழப்பம் வந்தால் கரு வைக்கும் நாளையும் மாற்ற வேண்டியிருக்கும். மருத்துவர்கள் தேதியிலும் நேரத்திலும் கறாராக இருப்பது இதனால்தான்.

பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையோ ஜெல்லோ பலருக்கும் பிடித்த வழி. மருந்து நேரே கருப்பைக்குப் போய்விடுகிறது; ரத்தத்தில் அளவு குறைவாகவே தெரியும். வெள்ளையாக ஒழுகுவதைப் பார்த்து மருந்தெல்லாம் போய்விட்டதோ என்று பதறத் தேவையில்லை. பெரும்பாலும் அது மருந்தைச் சுமந்துவந்த கொழுப்போ கூழோதான். அரிப்பும் எரிச்சலும் சிலருக்கு உண்டு.

ஊசி வேறு ரகம். எண்ணெயில் கரைத்த மருந்தைப் புட்டத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். வலிக்கும், கட்டிக்கொள்ளும். கட்டி சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் சீழ் பிடித்திருக்கலாம். உடனே காட்ட வேண்டும். எள் அல்லது நிலக்கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் மருந்தில் எந்த எண்ணெய் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு வலிக்கும் ஊசி எதற்கு? 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைகரு மாற்றங்களை ஒப்பிட்டது. தினமும் ஊசி போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. உள்ளே வைக்கும் மாத்திரையை மட்டும் நம்பியவர்களில் 27 சதவீதம்தான். மாத்திரையோடு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசியும் சேர்த்தவர்களுக்கு 46 சதவீதம். அங்கே கொடுத்தது 200 மி.கி. மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை. எல்லா அளவுக்கும் இதே முடிவைப் பொருத்திவிட முடியாது. ஆனால் தினசரி ஊசிக்கு மாற்று இருக்கிறது என்பதே வலிக்கு அஞ்சும் பெண்களுக்குப் பெரிய ஆறுதல்.

வாய்வழிப் புரோஜெஸ்டிரானைக் கல்லீரல் சீக்கிரமே சிதைத்துவிடும். தூக்கமும் தலைசுற்றலும்தான் மிஞ்சும். டைட்ரோஜெஸ்டிரான் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வழக்கமான புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனை அதைக் கண்டுகொள்ளாது. அதை மட்டுமே சாப்பிடுபவரின் ரிப்போர்ட்டில் அளவு குறைவாகத்தான் இருக்கும்.

மார்பு வலி, வயிற்று உப்புசம், மலச்சிக்கல், அசதி எல்லாம் கர்ப்பத்திலும் வரும், மருந்திலும் வரும். மருந்து மாதவிலக்கையும் தள்ளிப்போடலாம். ஆகவே ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. பார்க்கும்வரை எதையும் முடிவுகட்ட முடியாது. லேசாக ரத்தம் பட்டாலும் மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பம் உறுதியானால், நஞ்சுக்கொடி சுரப்பை ஏற்றுக்கொள்ளும்வரை, பொதுவாக 10 முதல் 12 வாரம்வரை மருந்து தொடரும். இல்லையென்றால் மருத்துவர் நிறுத்தச் சொல்வார். சில நாளில் மாதவிலக்கு வந்துவிடும்.