மொட்டை மாடி டேங்க்கும் ஒரு பி.காம். பட்டதாரியும்!

"தம்பி, எங்கம்மாவுக்கு இடுப்பெலும்பு போயிருந்தா நீங்களா வந்து பார்த்துப்பீங்க?"

ஹவுஸ் ஓனர் கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தவன் நான்தான். டேங்க் வழிந்து, மாடிப்படியில் அருவி மாதிரி இறங்கியிருக்கிறது. காய வைத்த வடாமை எடுக்கப் போன பாட்டி வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தார். வடாம் தப்பிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்று தீர்ப்பு வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட்தான். ஆனாலும் ரிச்சி தெருவுக்குப் போய் ஓர் அர்டுயினோ யூனோ போர்டு வாங்கினேன். உள்ளங்கை அளவுதான். அதில் மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டி மூளை இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுதிய கட்டளையை ஒருமுறை அதில் ஏற்றிவிட்டால் போதும். பிறகு கரண்ட் கொடுக்கும்போதெல்லாம் அதே வேலையைச் செய்யும். (இந்த விஷயத்தில் என்னைவிடத் தேவலை என்பது மனைவியின் கருத்து.)

முதலில் செய்தது சுலபமான வழி. இரண்டு செம்புக் கம்பிகளை டேங்க்கின் மேல் பகுதியில் தொங்கவிட்டேன். தண்ணீர் தொட்டால் கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் மின்சாரம் பாயும், பஸ்ஸர் கத்தும். கத்தியது, சார்! தெருவே பாராட்டியது.

மூன்று வாரம் கழித்து டேங்க் நிரம்பியது. பஸ்ஸர் மௌன விரதம். ஏறிப் பார்த்தால் ஒரு கம்பி பச்சை பூத்து, பாதி கரைந்து கிடந்தது. போர்டு தருவது ஒரே திசையில் பாயும் மின்சாரம். அது தண்ணீரில் ஓயாமல் பாய்ந்தால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த செம்பு எங்கே போகும்? நாம் குளிக்கிற தண்ணீருக்குத்தான்!

மறுபடி ரிச்சி தெரு. "அண்ணே, ஃப்ளோட் ஸ்விட்ச் வாங்கிட்டுப் போங்க" என்றான் கடைப் பையன். விரல் நீளத் தண்டு, அதைச் சுற்றி மேலும் கீழும் நகரும் ஒரு பிளாஸ்டிக் மிதவை. மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் காந்தத்துக்குக் கட்டுப்படும் ஸ்விட்ச். கரண்ட் தண்ணீரைத் தொடுவதே இல்லை, அதனால் கரைய எதுவும் இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்விட்ச்சை இரண்டு விதமாக வைக்கலாம். மிதவை எழும்பினால் இணைவது ஒன்று. எழும்பினால் பிரிவது இன்னொன்று. புதிதாகச் செய்கிற எல்லோருக்கும் முதல் வகைதான் தோன்றும். அதில் ஒரு ஆபத்து. ஒயர் அறுந்தால் ஸ்விட்ச் இணையவே இணையாது. போர்டோ 'டேங்க் இன்னும் நிரம்பவில்லை' என்று நிம்மதியாக இருக்கும். செம்புக் கம்பி என்னைக் கவிழ்த்ததும் இப்படித்தான்.

இரண்டாவது வகையில், தண்ணீர் குறைவாக இருக்கும்போது இணைப்பு இருந்துகொண்டே இருக்கும். நிரம்பினால் பிரியும். ஒயர் அறுந்தாலும் பிரியும். இரண்டுக்கும் பஸ்ஸர் கத்தும்! பழுதானால் பேசாமல் இருப்பதைவிட ஊரைக் கூட்டுவது நல்லதில்லையா?

நீங்கள் வாங்கியது எந்த வகை என்று ஒரு பக்கெட் தண்ணீரில் மிதக்கவிட்டு, மல்ட்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். மாறி இருந்தால், தண்டின் நுனியில் உள்ள கிளிப்பைக் கழற்றி, மிதவையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பெரும்பாலான சின்ன ஸ்விட்ச்கள் வகை மாறிவிடும்.

ஸ்விட்ச்சின் ஒரு ஒயர் போர்டில் 2-ம் நம்பர் பின்னுக்கு, மற்றது GND-க்கு. பஸ்ஸரின் பிளஸ் 8-க்கு, மைனஸ் GND-க்கு. பஸ்ஸர் 5 வோல்ட் வகையாக, 20 மில்லியாம்பியருக்குள் இழுப்பதாக இருக்கட்டும். கட்டளை இவ்வளவுதான்:

```
const int floatPin = 2;
const int buzzPin = 8;
int secs = 0;

void setup() {
  pinMode(floatPin, INPUT_PULLUP);
  pinMode(buzzPin, OUTPUT);
  digitalWrite(buzzPin, HIGH);
  delay(300);
  digitalWrite(buzzPin, LOW);
}

void loop() {
  if (digitalRead(floatPin) == HIGH) {
    if (secs < 3) secs++;
  } else {
    secs = 0;
  }
  digitalWrite(buzzPin, secs >= 3 ? HIGH : LOW);
  delay(1000);
}
```

`INPUT_PULLUP` என்றால், இணைப்பு பிரிந்த பின்னை HIGH என்று படிக்கச் சொல்வது. அடுத்தடுத்து மூன்று முறை, ஒவ்வொரு விநாடி இடைவெளியில், HIGH என்று வந்தால்தான் பஸ்ஸர் கத்தும். ஏன் இந்தப் பொறுமை? தண்ணீர் விழும்போது அலையடித்து மிதவை ஆடும். பொறுமை இல்லாவிட்டால் பஸ்ஸர் விக்கல் எடுக்கும்.

மாடி வரை போகும் நீள ஒயர், மோட்டார் கிளம்பும்போது கிளம்பும் மின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிரம்பிய பிறகும் பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்தினால் அது காரணமாக இருக்கலாம். 5V-க்கும் 2-ம் பின்னுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன், அடங்கிவிட்டது.

மிதவையை எவ்வளவு உயரத்தில் வைப்பது? இங்கேதான் பி.காம். கை கொடுத்தது. என் 1,000 லிட்டர் டேங்க் நிரம்ப 40 நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 25 லிட்டர். டேங்க்கின் குறுக்களவு சுமார் 1.1 மீட்டர் என்பதால், தண்ணீர் நிமிடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் ஏறுகிறது. வழிகிற குழாய்க்கு 10 சென்டிமீட்டர் கீழே மிதவையை வைத்தால் 4 நிமிட அவகாசம். சோப்பு போட்ட நிலையில் இருந்தாலும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வரலாம்.

முதல் நாள் இன்னொரு வேடிக்கை. மோட்டாரை அணைத்த பிறகும் பஸ்ஸர் நிற்கவில்லை. டேங்க்தான் இன்னும் நிறைந்திருக்கிறதே! தண்ணீர் மட்டம் இறங்கட்டும் என்று இரண்டாவது முறை குளித்தேன். இப்போது போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் மொபைல் சார்ஜரை, மோட்டார் ஸ்விட்ச்சை ஒட்டிய பிளக்கில் வைத்திருக்கிறேன். போடும்போது இரண்டையும் போட வேண்டும், அணைக்கும்போது இரண்டையும் அணைக்க வேண்டும். போட்டதும் 'பீப்' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வராவிட்டால் சார்ஜரோ போர்டோ அவுட் என்று அர்த்தம். அன்றைக்கு மோட்டார் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மின்வெட்டு வந்தால் கவலையில்லை, மோட்டாரும்தானே நின்றுவிடுகிறது!

"அப்படியே மோட்டாரையும் அதுவே அணைக்கிற மாதிரி பண்ணிடலாமே?" என்றான் நண்பன். கடைகளில் 10 ஆம்பியர் என்று அச்சடித்த குட்டி நீல ரிலே கிடைக்கிறதுதான். ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த வேகத்தில் ரிலேயின் உள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் போர்டு என்ன கத்தினாலும் மோட்டார் நிற்காது. அந்த வேலைக்கு கான்டாக்டர் வேண்டும், மாட்டுவதற்கு எலெக்ட்ரீஷியன் வேண்டும். புதியவர்கள் 230 வோல்ட்டில் கை வைக்க வேண்டாம். என் ஏற்பாட்டில் மாடிக்குப் போவது வெறும் 5 வோல்ட்தான்.

போன மாதம் ஒரு காலை. ஸ்விட்ச்சைப் போட்டேன். 'பீப்'. இரண்டு மூன்று விநாடியில் ஒரே அலறல்! டேங்க்கில் பாதித் தண்ணீர்கூட இல்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனால், மாடித் திருப்பத்தில் அணில் ஒன்று கடித்து வைத்திருக்கிறது. பழைய ஏற்பாடாக இருந்தால் அது சத்தம் காட்டாமல் இருந்திருக்கும், படியில் மறுபடி அருவி ஓடியிருக்கும்.

ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து பாட்டியின் குரல்: "ஏம்ப்பா, உன் பெட்டி கத்துதே... வடாமை எடுத்துடவா?"

"வேண்டாம் பாட்டி, தாராளமா காயட்டும்!" என்றேன். இந்த வீட்டில் நான் தைரியமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.